படித்து முடித்துப் பல வருஷம் வேலையில்லை: பாடாங் செராய் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

"2019-ல டிகிரி முடிச்சேன். அதுக்கப்புறம் ரெஸ்யூமேயில எழுத ஒண்ணுமே இல்ல. அந்த வருஷத்தையெல்லாம் போடாம விட்டா கண்டுபிடிச்சிருவாங்களா?"

முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். கூலிம் பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஆள் எடுக்கும் பிரிவில் பல வருஷம் இருந்தவன் நான். ரெஸ்யூமே கைக்கு வந்தால் கண் முதலில் போவது படிப்பு முடித்த வருஷத்துக்கு, அடுத்தது கடைசியாகப் பார்த்த வேலைக்கு. நடுவில் வெறுமையாக இருந்தால் படிக்கிறவர் அவராகவே ஒரு கதை கட்டிக்கொள்வார். போலீஸ் கேஸா, போதைப் பழக்கமா, எங்கேயாவது வேலை செய்து விரட்டிவிட்டார்களா என்று புத்தி அங்கேதான் ஓடும். உங்கள் உண்மைக் கதை அநேகமாக இவை எல்லாவற்றையும்விடச் சாதாரணமாகத்தான் இருக்கும்.

வருஷங்களையே எடுத்துவிட்டு, திறமைகளை மட்டும் வரிசையாகப் போடும் ரெஸ்யூமே மாதிரிகள் இணையத்தில் கிடக்கின்றன. அதை நம்பாதீர்கள். வருஷம் இல்லாத ரெஸ்யூமேயைப் பார்த்ததுமே எதையோ மறைக்கிறார் என்றுதான் தோன்றும். எப்படியும் ஃபேக்டரியில் கொடுக்கும் விண்ணப்பப் பாரத்தில் மாதம், வருஷம் போட்டு எழுதத்தான் வேண்டும். அங்கே இரண்டும் ஒத்துப்போகாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

வேலை அனுபவம் எழுதும் இடத்திலேயே, மற்ற வேலைகளை எப்படி எழுதுவீர்களோ அதே மாதிரி ஒரு பதிவாகப் போடுங்கள். இங்குள்ள ஒரு பெண்ணுக்கு நாங்கள் உட்கார்ந்து எழுதியதைச் சொல்கிறேன். நுண்ணுயிரியல் பட்டதாரி. அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. அவர் பதிவு இப்படி வந்தது: "2019 – 2024, குடும்பப் பொறுப்பு, பாடாங் செராய். டயாலிசிஸ் எடுக்கும் தந்தையைக் கவனித்தேன். மாலையில் படிவம் 1 முதல் 3 வரை அறிவியல், கணித டியூஷன். 2025 முதல் முழுநேர வேலைக்குத் தயார்." மலாயிலோ ஆங்கிலத்திலோ இதை மூன்று வரியில் எழுதிவிடலாம். இதில் வருத்தமும் இல்லை, தியாகம் என்ற பேச்சும் இல்லை. கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆள் எடுப்பவருக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

எம்சிஓவைக் காரணம் சொல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 2020 மார்ச் 18-இல் தொடங்கிய அடைப்பும் அதற்கடுத்த வருஷமும் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத காலம். ஆனால் 2023-க்கும் 2024-க்கும் அதையே காட்டினால் எடுபடாது. அந்த வருஷங்களுக்கு வேறு பதில் வேண்டும்.

"இண்டர்வியூல மூஞ்சிக்கு நேரா 'இத்தனை வருஷம் என்ன செஞ்சீங்க'ன்னு கேட்டா நாக்கு ஒட்டிக்குது. என்ன சொல்றது?"

என்ன நடந்தது, அது இப்போது எப்படித் தீர்ந்தது, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள். இந்த மூன்றையும் இதே வரிசையில், அரை நிமிஷத்துக்குள் சொல்லுங்கள். நம் பக்கம் ஃபேக்டரி இண்டர்வியூ பாதி மலாயில்தான் நடக்கிறது. அதனால் வீட்டில் தமிழில் யோசித்து வைத்துவிட்டு அங்கே போய் மொழிபெயர்க்காதீர்கள். எந்த மொழியில் பேசப்போகிறீர்களோ அந்த மொழியிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

மேலே சொன்ன பெண் பழகியது இது: "லெப்பாஸ் ஹாபிஸ் பெலாஜார், சாயா ஜாகா பாப்பா சாயா யாங் புவாட் டயாலிசிஸ், செமிங்கு தீகா காலி. செகாராங் அடிக் சாயா அம்பில் அலி. சாயா போலே கெர்ஜா பெனு மாசா, ஷிஃப்ட் புன் போலே." வாரம் மூன்று முறை என்று சொன்னதுமே கேட்பவருக்குக் கணக்கு புரிந்துவிடும். டயாலிசிஸ் ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். கூட்டிப்போய்க் கூட்டிவருவதையும் சேர்த்தால் வாரத்தில் மூன்று நாள் போய்விடும். அந்த மாதிரி ஆளை எந்த ஃபேக்டரியும் ஷிஃப்டில் வைக்க முடியாது. இதையெல்லாம் நீங்கள் விளக்க வேண்டியதே இல்லை, மூன்று முறை என்ற ஒரு விவரம் போதும்.

அடுத்த கேள்வி நிச்சயமாக வரும்: "அப்பாவுக்கு மறுபடி உடம்பு முடியாமல் போனால்?" அவர்கள் கேட்பது இரக்கத்தினால் இல்லை, அடிக்கடி எம்சி போடுவீர்களா என்று பார்க்கிறார்கள். தம்பி ஜோகூரிலிருந்து வீட்டுக்கே வந்துவிட்டான், அழைத்துப்போவது அவன் வேலை என்று அந்தப் பெண் சொன்னார். உங்கள் வீட்டில் ஏற்பாடு எதுவோ அதைச் சொல்லுங்கள். ஏற்பாடே இல்லையென்றால் இண்டர்வியூவுக்குப் போகுமுன் அதை முடித்துக்கொள்ளுங்கள். வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரமே அந்தப் பிரச்னை எப்படியும் வந்து நிற்கும்.

எங்கே கெட்டுப்போகிறது என்றால், பதில் நீளும்போதுதான். பயத்தில் பேசிக்கொண்டே போய், அண்ணன் உதவவில்லை, சொந்தக்காரர்கள் கைவிட்டார்கள் என்று குடும்ப வழக்கு முழுக்க மேசைக்கு வந்துவிடும். நீங்கள் பேசும்போது எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினால் பதில் நீண்டுவிட்டது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்தி, "வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாமா" என்று திரும்பிவிடுங்கள். "மாஃப்" என்று ஆரம்பிப்பதும் வேண்டாம். மன்னிப்புக் கேட்டால் மன்னிக்க ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும்.

"அண்ணே, எனக்கு அப்படிச் சொல்லிக்கிற மாதிரி காரணம் எதுவும் இல்ல. யாருக்கும் உடம்பு சரியில்லாம இல்ல. நான் சும்மாதான் இருந்தேன்."

கேட்கிறவர்களில் அதிகம் பேர் இந்த வகைதான். இவர்கள்தான் கடன் வாங்கிய காரணத்தைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். இல்லாத நோயை அம்மா அப்பாவுக்கு வரவழைக்காதீர்கள். அடுத்த கேள்வி எந்த ஆஸ்பத்திரி என்று வந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு தாளில் வருஷ வாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு வருஷத்துக்கும் மூன்று விஷயம்: எந்த வேலைக்கு விண்ணப்பித்தேன், கைக்குப் பணம் எப்படி வந்தது, காலையில் எழுந்தால் எங்கே போனேன். சும்மா இருந்தேன் என்று சொன்ன ஒரு பையனிடம் இதைக் கேட்டேன். முதல் இரண்டு வருஷம் வங்கி, அரசாங்கம் என்று கணக்காளர் வேலைக்கு மட்டும் போட்டிருக்கிறான். பதிலே வராமல் ஓய்ந்துபோய் நிறுத்திவிட்டான். பிறகு பசார் மாலாமில் மாமாவின் துணிக்கடையில் வாரம் நாலு நாள். சரக்கு வாங்க மாமாவோடு பினாங்குக்குப் போவது, மிச்சச் சரக்கை எண்ணி நோட்டில் ஏற்றுவது, வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் கேட்பதைப் படம் எடுத்து அனுப்புவது. மாமா கையில் கொடுத்தது ஐம்பது, அறுபது வெள்ளி. இவன் கண்ணுக்கு அது வேலையாகவே படவில்லை, ஏனென்றால் சம்பளச் சீட்டு இல்லை.

அவன் சொல்ல வேண்டியது: "முதல் இரண்டு வருஷம் கணக்காளர் வேலை மட்டும்தான் தேடினேன், கிடைக்கவில்லை. அப்புறம் குடும்பக் கடையில் பகுதி நேரமாகச் சரக்கு கணக்குப் பார்த்தேன். இப்போது ஸ்டோர் வேலைக்கும் சேர்த்துத் தேடுகிறேன், அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்." முதல் வாக்கியத்தைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கும். ஆனால் ஆள் எடுப்பவருக்கு அது நன்றாகப் பரிச்சயமான கதை. தேடலைக் குறுக்கி வைத்திருந்தேன், இப்போது அகலமாக்கிவிட்டேன் என்றால் அதற்கு மேல் தோண்ட மாட்டார்.

மனசு சோர்ந்து உண்மையிலேயே எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர்களும் உண்டு. அதை இண்டர்வியூவில் விவரிக்கும் கடமை உங்களுக்கு இல்லை. "உடல்நலக் காரணம், இப்போது சரியாகிவிட்டது, வேலைக்குத் தடையில்லை" என்பது போதும், பொய்யும் இல்லை. ஆனால் பாரத்திலோ வேலைக்கு முந்திய மருத்துவப் பரிசோதனையிலோ குறிப்பிட்டுக் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

"மாமா கடையில மூணு வருஷம் மேனேஜர்னு லெட்டர் வாங்கிக் கொடுத்தா என்ன?"

இபிஎஃப் அறிக்கை கேட்பார்கள். ஐயாயிரம் வெள்ளிக்குள் சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி 13 விழுக்காடு, தொழிலாளி 11 விழுக்காடு இபிஎஃப்பில் கட்ட வேண்டும். மூன்று வருஷ மேனேஜர் கணக்கில் ஒரு வெள்ளிகூட இல்லையென்றால் லெட்டர் தானாகச் செத்துவிடும். சேர்ந்த பிறகு தெரிந்தாலும், பாரத்தின் கீழே "கொடுத்த விவரம் அனைத்தும் உண்மை" என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், வேலையை விட்டு நீக்க அது போதும்.

அதே மாமாவிடம் உண்மையான லெட்டர் வாங்குங்கள்: இந்த வருஷத்திலிருந்து இந்த வருஷம் வரை, வாரம் இத்தனை நாள், இன்ன வேலை, சம்பளம் ரொக்கமாகக் கொடுத்தேன், கீழே ஃபோன் நம்பர். பகுதி நேரம் என்று தெளிவாக எழுதியிருந்தால் இபிஎஃப் இல்லாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. டியூஷன் என்றால் ஒரு பிள்ளையின் பெற்றோர் நம்பர் போதும். ஒரு சின்ன எச்சரிக்கை: மாமாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஃபோன் போட்டால் "யாரு, அவனா? அவன் சும்மா வந்து உக்காந்திருப்பான்" என்று சிரித்துச் சொன்ன மாமாவை நானே கேட்டிருக்கிறேன்.

"டிகிரிய மறைச்சிட்டு எஸ்பிஎம் மட்டும் காட்டி ஆப்பரேட்டரா போயிரலாமா? டிகிரின்னா எடுக்க மாட்டேங்கிறாங்க."

மறைக்க வேண்டாம். காரணம் மேலே சொன்ன அதே கையெழுத்து. இன்னொன்று, எஸ்பிஎம்மோடு நிறுத்தினால் வேலையில்லாத வருஷம் ஐந்திலிருந்து ஒன்பதாகிவிடும், விளக்க வேண்டியது கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

டிகிரிக்காரரை ஆப்பரேட்டராக எடுக்கத் தயங்குவது, மூன்று மாதத்தில் ஓடிவிடுவார் என்ற பயத்தால். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள்: "இரண்டு வருஷம் லைனில் இருந்து பழக வந்திருக்கிறேன். உள்ளே டெக்னீஷியன், கியூஏ காலி வந்தால் விண்ணப்பிப்பேன்." உள்ளிருந்து மேலே போவதை ஃபேக்டரிகள் விரும்புகின்றன, ஆளைப் புதிதாகப் பழக்க வேண்டாம் அல்லவா.

ஆனால் ஆப்பரேட்டருக்குப் போகுமுன் நடுப்படியைப் பாருங்கள். நம் பிள்ளைகள் எக்ஸிகியூட்டிவ், ஆப்பரேட்டர் இரண்டையும்தான் பார்க்கிறார்கள். எக்ஸிகியூட்டிவுக்குப் புதுப் பட்டதாரியோடு போட்டி, அதில் பழைய வருஷம் அடிபடும். நடுவில் கியூஏ இன்ஸ்பெக்டர், லேப் உதவியாளர், ஸ்டோர் கிராணி, ஆவணக் கிராணி என்று ஒரு வரிசை இருக்கிறது. அங்கே படித்து முடித்த வருஷத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, ஷிஃப்டுக்கு வருவீர்களா, பாரம் சரியாக நிரப்புவீர்களா என்றுதான் பார்க்கிறார்கள்.

"படிச்சதெல்லாம் மறந்து போச்சு. டெக்னிக்கலா கேட்டா என்ன பண்றது?"

எல்லாவற்றையும் திரும்பப் படிக்க நேரமில்லை. போகும் வேலைக்கு வேண்டிய ஒரு சோதனையை மட்டும் அடியிலிருந்து தெரிந்துகொண்டு போங்கள். அந்த நுண்ணுயிரியல் பெண் போனது ரப்பர் கையுறை ஃபேக்டரியின் கியூஏ இன்ஸ்பெக்டர் வேலைக்கு. கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் தண்ணீர்ச் சோதனையைப் படித்துக்கொண்டு போனார். கையுறையைக் குழாயில் மாட்டி 1,000 மில்லி தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றியதும் ஒரு தரம் பார்த்து, 2 நிமிஷம் தொங்கவிட்டு மறுபடி பார்ப்பார்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் அந்தக் கையுறை தோல்வி. எல்லாக் கையுறையையும் இப்படிச் சோதிக்க முடியாது, ஊற்றியது வீண்தானே. அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் சிலதை எடுத்துப் பார்த்து, எத்தனை தோற்றால் முழுத் தொகுதியையும் நிறுத்துவது என்று அட்டவணை வைத்திருப்பார்கள். அந்த வரம்புக்குப் பெயர் ஏக்யூஎல்.

இண்டர்வியூவில் அவர் கேட்ட கேள்வி: "உங்கள் லைனில் மருத்துவக் கையுறைக்கு ஏக்யூஎல் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?" எதிரே இருந்த கியூஏ மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒன்றரை என்று சொல்லி, ஏன் என்று விளக்க ஆரம்பித்துவிட்டாராம். அதற்கப்புறம் ஆறு வருஷத்தைப் பற்றிப் பேச்சே வரவில்லை. கடந்த வாரம் படித்த ஒரு விஷயம் வாயில் இருந்தால் பழைய வருஷங்கள் மேலே கேள்வி குறைந்துவிடும்.

"சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீங்கன்னா? இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு கேக்கவே கூச்சமா இருக்கு."

வேலையில்லாத வருஷத்துக்குத் தள்ளுபடி கொடுக்காதீர்கள். 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதே ஆகஸ்டிலிருந்து சின்ன முதலாளிகளுக்கும் அதுதான் சட்டம். "எவ்வளவு கொடுத்தாலும் சரி" என்றால் அங்கேதான் நிற்பீர்கள். அந்த வேலைக்கு விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகையைப் பார்த்து அதைச் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஷிஃப்ட் படி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஓடியையும் படியையும் சேர்த்துப் பெரிய எண்ணாகக் காட்டுவது விளம்பரங்களில் வழக்கம்.

"வேலையில்லாதவங்களுக்கு சொக்சோ பணம் தருதாமே, எனக்குக் கிடைக்குமா?"

இதுவரை வேலையே பார்க்காதவருக்குக் கிடைக்காது. 2018-இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டம், சந்தா கட்டி வேலை பார்த்து அதை இழந்தவர்களுக்கு. ஆனால் சொக்சோ நடத்தும் myfuturejobs.gov.my தளம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, இலவசம். அரசாங்க வேலைக்கு எஸ்பிஏ பதிவு ஒரு வருஷம்தான் செல்லும். டிகிரி முடித்த கையோடு பதிந்துவிட்டு இன்னும் கூப்பிடவில்லை என்று காத்திருப்பவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். புதுப்பியுங்கள்.

"பிடிபிடிஎன் கட்டவே இல்ல. வேலை தேடும்போது அது வெளிய வருமா?"

ஃபேக்டரி வேலைக்கு அநேகமாக வராது. வங்கி, காப்புறுதி நிறுவனங்கள் கடன் பதிவைப் பார்ப்பது வழக்கம், அங்கே வரலாம். எப்படியும் ஒளிந்துகொள்வதால் கடன் குறையப் போவதில்லை. வேலையில்லை என்று சொல்லித் தள்ளிவைக்க விண்ணப்பிக்கும் வழி பிடிபிடிஎன்னிலேயே இருக்கிறது. சம்பளம் வருமுன்பே போய்ப் பேசுவது நல்லது.

"தீபாவளி, கல்யாணம்னு எங்க போனாலும் 'இப்ப என்னப்பா பண்ற'ன்னு கேக்கிறாங்க. அதுக்குப் பயந்தே வெளிய போறதில்ல."

இது மனக்கஷ்டம் மட்டும் இல்லை, வேலைக்கே நஷ்டம். நம் மாதிரி ஊரில் லயத்தில் பிறந்து தாமானுக்கு வந்தவர்கள் வீட்டுக்கு ஒருவராவது ஹைடெக் பார்க்கிலோ சுங்கைப் பட்டாணியிலோ வேலை பார்க்கிறார்கள். எந்த லைனில் ஆள் குறைகிறது என்று விளம்பரம் வருமுன்பே அவர்களுக்குத் தெரியும். ஆள் சேர்த்துவிட்டால் ஊக்கத்தொகை தரும் ஃபேக்டரிகளும் உண்டு. உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிற பெரியப்பாவும் சித்தியும்தான் அந்தத் தகவலுக்கு வாசல்.

பதில் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், அது கேள்வியில் முடியட்டும்: "வேலை தேடிக்கிட்டிருக்கேன் மாமா. உங்க ஃபேக்டரியில கியூஏ, ஸ்டோர் எடுக்கிறாங்களா? ரெஸ்யூமே அனுப்பட்டுமா?" அறிவுரை சொல்ல வந்தவர் இப்போது பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவார். பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள், அது போகட்டும். ஒருவர் "அனுப்பு பார்க்கலாம்" என்றால் அன்றைக்கு ராத்திரியே வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக அனுப்பிவிடுங்கள். ஃபோட்டோ எடுத்து அனுப்பினால் அதை அவர் மேலே அனுப்ப முடியாது.

"கிடைச்சிருச்சு! ஆனா என் லைன் லீடருக்கு இருபத்து மூணு வயசு. எனக்கு இருபத்தொன்பது. எல்லாரும் ஏன் லேட்டுன்னு கேக்கிறாங்க."

இண்டர்வியூவில் சொன்னதையே சொல்லுங்கள், இன்னும் சுருக்கமாக: "வீட்டுல வேலை இருந்துச்சு, இப்பதான் வெளிய வந்தேன்." கேண்டீனில் இதற்கு மேல் யாருக்கும் வேண்டியதில்லை. லீடர் சின்னப் பிள்ளை என்றாலும் லைன் அவருக்குத் தெரியும். முதல் மாதம் அவர் சொல்வதை நோட்டில் எழுதுங்கள், தெரியாததை அவரிடமே கேளுங்கள். தகுதிகாண் காலம் வழக்கமாக மூன்று மாதமோ ஆறு மாதமோ இருக்கும். அதில் பார்ப்பது பெரும்பாலும் வருகைப் பதிவைத்தான். பஸ் கீலாங் எத்தனை மணிக்கு உங்கள் நிறுத்தத்துக்கு வருகிறது என்று முதல் நாளே டிரைவரிடம் கேட்டு, அவர் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.